மூன்று விளை, மூன்று மாதம்: ஆய்வேட்டின் வரம்புகள் பத்தியை நேர்மையாக எழுதுவது

கேள்வி: எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி செமஸ்டர். குலசேகரம், திருவட்டார் பக்கம் 3 ரப்பர் விளையிலும் 3 கலப்பு விளையிலும் மண்புழு எண்ணிக்கையை ஒப்பிட்டேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒருமுறை, விளைக்கு 5 குழி, மொத்தம் 90 குழி. சதுர மீட்டருக்குச் சராசரி ரப்பரில் 52, 84, 74; கலப்பில் 102, 144, 114. வித்தியாசம் டிசம்பரில் 30, ஜனவரியில் 52, பிப்ரவரியில் 68. இனங்களின் எண்ணிக்கை ரப்பரில் 3, 4, 4. கலப்பில் 4, 4, 6. அதில் வித்தியாசம் இல்லை என்று வந்தது. 84, 74 வந்த ரப்பர் விளைகள் ஒரே ஆளுடையவை, நடுவில் ஒரு சானல்தான். "நேரமும் வசதியும் குறைவாக இருந்ததால் இந்த ஆய்வுக்குச் சில வரம்புகள் உண்டு, மேலும் ஆய்வுகள் தேவை" என்று எழுதியதை கைடு மேடம் திருப்பித் தந்துவிட்டார். உள்ளதை உள்ளபடி எழுதினால் வைவாவில் மாட்டிக்கொள்வேனோ என்று பயம். எப்படி எழுதுவது?

பதில்:

உங்கள் கைடு திருப்பித் தந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வாக்கியம் வரம்பு எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறது. அந்த வரம்பு உங்கள் முடிவுகளில் எதை, எந்தப் பக்கமாக, எவ்வளவு பாதிக்கிறது என்று சொல்லவில்லை. ஆய்வேட்டைப் படிப்பவருக்கு உங்களுக்கு நேரம் இல்லாமல் போனது முக்கியமல்ல. "ரப்பரில் சராசரி 70, கலப்பில் 120, இந்த 50 என்ற வித்தியாசத்தை நான் எவ்வளவு நம்பலாம்?" என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் முதலில் நீங்களே உங்கள் தரவைக் கொஞ்சம் குடைந்து பார்க்க வேண்டும். நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்தே அதைச் செய்யலாம்.

முதலில் ரெப்ளிகேட், அதாவது ஒன்றையொன்று சாராத தனி மாதிரிகள். உங்களிடம் அப்படி 90 இல்லை, பக்கத்துக்கு 45-உம் இல்லை. பக்கத்துக்கு 3 தான் இருக்கிறது. நீங்கள் ஒப்பிடுவது ரப்பரையும் கலப்புப் பயிரையும். ரப்பர் நட்டதும், உரம் போட்டதும், களை வெட்டியதும் ஒரு விளைக்கு மொத்தமாக நடந்தது, குழிக்குக் குழி தனித்தனியாக நடக்கவில்லை. ஒரே விளையில் தோண்டிய ஐந்து குழிகளும் அந்த விளையின் மண்ணையும், மரத்தின் வயதையும், உடைமையாளரின் பழக்கத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே வீட்டில் ஐந்து பேரிடம் கேட்டுவிட்டு ஐந்து வீட்டில் விசாரித்தேன் என்று சொல்ல முடியாது, அதே கதைதான் இது. மூன்று மாதம் திரும்பத் திரும்ப அதே விளைக்குப் போனதும் புதிய விளையைச் சேர்ப்பதில்லை. ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்குப் போலி ரெப்ளிகேஷன் என்று பெயர் வைத்து எழுதியதிலிருந்து, களச் சூழலியல் தெரிந்த எந்தத் தேர்வாளரும் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

அதற்காக 90 குழி தோண்டியது வீண் என்று நினைக்க வேண்டாம். மண்புழு கூட்டம் கூட்டமாக இருக்கும் உயிர். ஒரு குழியில் ஒன்றும் இல்லாமல், நாலு அடி தள்ளி அடுத்த குழியில் பத்து கிடைக்கும். விளைக்குப் பதினைந்து குழி தோண்டியதால்தான் ஒவ்வொரு விளையின் சராசரியையும் உங்களால் நம்பிக் கொடுக்க முடிகிறது. அதைப் பத்தியிலும் சொல்லலாம். அந்த உழைப்பு விளைக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைச் சமாளித்திருக்கிறது. விளைக்கும் விளைக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைத்தான் வெறும் மூன்றை வைத்து அளக்க வேண்டியிருக்கிறது.

சரி, இது முடிவை எவ்வளவு பாதிக்கிறது? விளைச் சராசரிகளை மட்டும் வைத்து ஆர் மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள்.

```
rubber <- c(52, 84, 74)
garden <- c(102, 144, 114)
t.test(garden, rubber)
```

வித்தியாசம் அதே 50 தான். ஆனால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 5 முதல் 95 வரை நீள்கிறது. அதாவது கலப்பு விளையில் சதுர மீட்டருக்கு ஐந்து புழு மட்டும் கூடுதலாக இருந்தாலும், தொண்ணூற்றைந்து கூடுதலாக இருந்தாலும், உங்கள் தரவு இரண்டுக்கும் ஒத்துப்போகும். முதலாவது மண்ணில் பெரிய மாற்றம் எதையும் காட்டாது, இரண்டாவது மிகப் பெரிய மாற்றம். 45-க்கு 45 என்று வைத்து ஓட்டியிருந்தால் இந்த இடைவெளி செயற்கையாகச் சுருங்கி, p மதிப்பும் மிகச் சிறியதாக வந்திருக்கும். ஆய்வேட்டில் இப்போது அந்த மதிப்புதான் இருக்கிறது என்றால் அதை எடுத்துவிடுங்கள். தவறான பகுப்பாய்வை முடிவுகள் பகுதியில் வைத்துக்கொண்டு, கடைசியில் "மாதிரி குறைவு" என்று ஒரு வரி எழுதினால் சரியாகிவிடாது.

யாராவது டி-டெஸ்டுக்குப் பதிலாக மான்-விட்னி போடச் சொன்னால் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மூன்று இருக்கும்போது ஆறு எண்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்க 20 வழிதான் உண்டு. ஆகவே இருபக்கச் சோதனையில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய p மதிப்பே 2/20, அதாவது 0.1. உங்கள் தரவில் கலப்பு விளைகள் மூன்றும் ரப்பர் விளைகள் மூன்றையும் தாண்டி நிற்கின்றன. இதைவிடத் தெளிவாகப் பிரியவே முடியாது. அப்படியும் 0.1 தான் வரும். அந்தச் சோதனையால் 0.05-ஐத் தொடவே முடியாது என்பது உங்கள் வடிவமைப்பின் வரம்பு. புழுக்களைப் பற்றிய செய்தி அல்ல.

அடுத்து, சானலுக்கு இரு பக்கமும் இருக்கும் அந்த இரண்டு விளை. இதைச் சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது என்று தோன்றலாம். ஆனால் இந்தத் தரவில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இதுதான். ஒரே ஆள், ஒரே உரம், ஒரே சரிவு, ஒரே ஈரம் என்றால் 84-உம் 74-உம் பக்கத்தில் பக்கத்தில் வந்ததில் ஆச்சரியமில்லை. அவை இரண்டையும் சேர்த்து 79 என்று ஒரே எண்ணாக வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். ரப்பர் பக்கம் 52, 79 என்று இரண்டே எண்கள் நிற்கும். வித்தியாசம் 54.5 ஆகக் கொஞ்சம் கூடும், ஆனால் இடைவெளி ஏறத்தாழ கழித்தல் 10-இல் தொடங்கி 120 வரை போகும். பூஜ்யம் உள்ளே வந்துவிடுகிறது. ஆகவே "கணிசமான வித்தியாசம்" என்ற உங்கள் முடிவு, அந்த இரண்டு விளைகளும் ஒன்றையொன்று சாராதவை என்ற ஒரே அனுமானத்தின்மேல்தான் நிற்கிறது. இதை நீங்களே கண்டுபிடித்து எழுதியிருந்தால் தேர்வாளர் அதைப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். அவர் கண்டுபிடித்தால் வைவா முழுக்க அதிலேயே போகும். உங்கள் பயத்துக்கு என் பதில் அதுதான்.

இன எண்ணிக்கையில் எதிர்ப்பக்கத் தவறு ஒன்று இருக்கிறது. "வித்தியாசம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரியில் ஓர் இனம் வித்தியாசம் இருக்கிறது. அதன் இடைவெளி, கலப்பு விளையில் ஏறத்தாழ ஓர் இனம் குறைவு என்பதிலிருந்து மூன்று இனம் அதிகம் என்பது வரை. மொத்தமே மூன்று முதல் ஆறு இனம் கிடைத்த இடத்தில் மூன்று இனம் அதிகம் என்றால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. அதைக்கூட மறுக்க முடியாத தரவை வைத்து "வித்தியாசம் இல்லை" என்று சொல்லக் கூடாது. "வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று இந்தத் தரவால் தீர்மானிக்க முடியவில்லை" என்பதே சரி. ரெப்ளிகேட் குறைந்த ஆய்வேடுகளில் இந்த இடம்தான் அதிகமாகக் கண்ணில் படாமல் போகிறது. எல்லோரும் கிடைத்த வித்தியாசத்தைப் பற்றித் தயங்கித் தயங்கி எழுதுவார்கள், கிடைக்காததைப் பற்றி உறுதியாக எழுதிவிடுவார்கள்.

இப்போது காலம். உங்கள் தரவில் மிகவும் சுவாரசியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது, நீங்கள் அதை வெறும் "குறுகிய கால ஆய்வு" என்று கடந்துவிடப் பார்க்கிறீர்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. நீங்கள் குழி தோண்டியது வடகிழக்கு ஓய்கிற நேரத்தில் தொடங்கி, வருடத்திலேயே மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி வரை. மழை நிற்கும்போது மேல்மண் காய்கிறது. பல மண்புழு இனங்கள் ஆழத்துக்கு இறங்கிவிடும், சில சுருண்டு உறங்கிவிடும். நீங்கள் தோண்டியது 30 செ.மீ. ஆழம் என்றே வைத்துக்கொள்கிறேன், வழக்கமான அளவு அதுதான். அதற்குக் கீழே போன புழு உங்கள் கணக்கில் வராது.

இது இரண்டு வகை விளையிலும் ஒரே அளவில் நடந்திருந்தால் பெரிய சிக்கல் இல்லை. இரண்டிலும் எண்ணிக்கை குறைந்திருக்கும், ஒப்பீடு ஓரளவு நின்றிருக்கும். ஆனால் ரப்பர் இலை உதிர்ப்பது இதே மாதங்களில்தான். டிசம்பர் கடைசியில் தொடங்கி மேலே கவிந்திருந்த நிழல் திறந்துகொள்கிறது, வெயில் தரையில் விழுகிறது, புதுத் தளிர் விட்டு மறுபடி மூடும்வரை மண் வேகமாகக் காயும். தென்னையும் பலாவும் வாழையும் மிளகுக்கொடியும் நிற்கும் கலப்பு விளையில் அப்படி ஒட்டுமொத்தமாக நிழல் போவதில்லை. அப்படியானால் ரப்பரில் குறைவாகக் கிடைத்த புழு அங்கே உண்மையிலேயே இல்லையா, அல்லது கீழே இறங்கிவிட்டதா?

உங்கள் மாதக் கணக்கைப் பாருங்கள்: 30, 52, 68. மண் காயக் காய வித்தியாசம் விரிந்துகொண்டே போகிறது. இரண்டு விளக்கம் சாத்தியம். ரப்பர் நிலத்தில் புழு எப்போதும் குறைவு, வறட்சி அதை இன்னும் கூட்டியது என்பது ஒன்று. மழைக்காலத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான், நீங்கள் பார்த்தது இலையுதிர் காலத்தின் தற்காலிக விளைவு என்பது இன்னொன்று. இந்த மூன்று மாதத் தரவால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியும். ஆழத்துக்குப் போன புழுவை ரப்பரில்தான் அதிகமாகத் தவறவிட்டிருப்பீர்கள் என்றால், 50 என்ற எண் உண்மையான ஆண்டுச் சராசரி வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வரம்புகள் பத்தியில் இதைவிட உபயோகமான வாக்கியம் கிடைக்காது. "குறைந்த காலம்" என்பதை யாரும் எழுதலாம். எந்தத் திசையில் தப்பியிருக்கலாம் என்று எழுத, அந்த விளையில் நின்று பார்த்தவரால்தான் முடியும்.

மண் ஈரத்தை அளந்து வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். ரப்பரில் ஈரம் கலப்பைவிட வேகமாக இறங்கியிருந்தால் மேலே சொன்ன சந்தேகத்துக்குப் பலம் கூடும். இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் குறையும். எதுவானாலும் பத்தியில் ஒரு வரி சேருங்கள். அளக்கவில்லை என்றால் "மண் ஈரம் அளக்கப்படவில்லை, ஆகவே இதைச் சரிபார்க்க வழியில்லை" என்று அதையே எழுதுங்கள்.

மூன்று மாதத்தை மூன்று ரெப்ளிகேட் போலக் காட்டவும் வேண்டாம். மூன்று மாதமும் வித்தியாசம் ஒரே திசையில் இருந்தது என்பதை விவரிப்பாகச் சொல்லலாம். அது வறண்ட பருவத்துக்குள் நிலையாக இருந்தது என்று மட்டும் காட்டுகிறது. ஆனி மாத மழையில் என்ன ஆகும் என்று காட்டவில்லை.

இவ்வளவும் பார்த்தபிறகு பத்தி தானாக வரும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். உங்கள் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் வாக்கியங்களின் வரிசையை இப்படியே வைத்துக்கொள்ளலாம்:

"இந்த ஆய்வின் ரெப்ளிகேட் விளையே, ஒவ்வொரு நிலப் பயன்பாட்டுக்கும் மூன்று விளைகள் மட்டும் எடுக்கப்பட்டன. விளைக்குப் பதினைந்து குழிகள் விளைச் சராசரியைத் துல்லியமாக்கின, ரெப்ளிகேட் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. ஆகவே பகுப்பாய்வு விளைச் சராசரிகளின்மீது செய்யப்பட்டது. கலப்பு விளைகள் மூன்றிலும் மண்புழு அடர்த்தி ரப்பர் விளைகளைவிட அதிகமாக இருந்தது, ஆனால் வித்தியாசத்தின் அளவு (சதுர மீட்டருக்கு 50, 95% இடைவெளி ஏறத்தாழ 5 முதல் 95) மிகவும் நிச்சயமற்றது. ரப்பர் விளைகளில் இரண்டு ஒரே உடைமையாளரின் அடுத்தடுத்த நிலங்கள்; அவற்றை ஒன்றாகக் கொண்டால் இடைவெளி பூஜ்யத்தை உள்ளடக்குகிறது. இன எண்ணிக்கையில் வித்தியாசம் உண்டா இல்லையா என்பதை இந்தத் தரவு தீர்மானிக்கவில்லை. மாதிரிகள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் எடுக்கப்பட்டன. இது மேல்மண் காயும் காலமும் ரப்பர் இலையுதிர் காலமும் ஆகும். இக்காலத்தில் வித்தியாசம் 30-லிருந்து 68 ஆக விரிந்தது. 30 செ.மீ.க்குக் கீழே சென்ற புழுக்கள் கணக்கில் வராததால், குறிப்பாக ரப்பர் விளைகளில், இங்கு தரப்பட்ட வித்தியாசம் ஆண்டுச் சராசரியைவிட மிகைப்பட்டதாக இருக்கலாம். இம்முடிவுகள் குலசேகரம், திருவட்டார் பகுதியின் ஆய்வு செய்யப்பட்ட விளைகளுக்கு, வறண்ட பருவத்துக்கு மட்டுமே பொருந்தும்."

இதில் மன்னிப்பு எதுவும் இல்லை, நேரம், பணம், வண்டி வசதி பற்றிய பேச்சும் இல்லை. ஒவ்வொரு வரம்புக்குப் பின்னாலும் அது தொடும் எண் நிற்கிறது. கருவியின் சிறு பிழை, எடை போட்டதில் தசமப் புள்ளி என்று எல்லாவற்றையும் இதற்குள் கொட்ட வேண்டாம். முடிவை அசைக்காதவற்றை அடுக்கினால் அசைப்பவை அவற்றுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும், தேர்வாளருக்கும் அது வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றும். "மேலும் ஆய்வு தேவை" என்ற வரி வேண்டுமென்றால் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: ஜூன், ஜூலை மழையில் இதே விளைகளில் ஒருமுறை, கூடவே வேறு வேறு உடைமையாளர்களின் ரப்பர் விளைகளில், விளைக்குக் குழியைக் குறைத்து விளைகளைக் கூட்டி. நீங்கள் தோண்டிய அதே 90 குழிகளை பக்கத்துக்கு ஒன்பது விளைகளில் ஐந்து ஐந்தாகப் பிரித்திருந்தால் இந்த இடைவெளி நன்றாகச் சுருங்கியிருக்கும் என்பதையும் அடுத்து வருபவருக்காக எழுதிவைக்கலாம்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. இந்தப் பத்தியை எழுதிவிட்டு, ஆய்வுச் சுருக்கத்தில் "கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் சாகுபடி மண்புழு வளத்தைக் குறைக்கிறது" என்பது போன்ற வாக்கியம் இருந்து, அதை அப்படியே விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கும். அதே மாவட்டத்தின் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்து மண்ணும் மழையும் வேறு, அங்கே நீங்கள் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. "குறைக்கிறது" என்ற வினையும் அதிகப்படி. ரப்பர் நடும் முன் அந்த விளைகளில் எவ்வளவு புழு இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. "ஆய்வு செய்த ரப்பர் விளைகளில் வறண்ட பருவத்தில் குறைவாகக் காணப்பட்டது" என்று மாற்றுங்கள். தலைப்பு ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் பதிவாகி மாற்ற முடியாது என்றால், சுருக்கத்தின் முதல் இரண்டு வரிக்குள் இடத்தையும் மாதங்களையும் விளை எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள். அப்புறம் முடிவுரையை எடுத்து, "நிரூபிக்கிறது", "உறுதியாகிறது" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் மேலே உள்ள பத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தி தாங்காத சொல் எதுவும் அங்கே இருக்கக் கூடாது.